கிரீன்விச்சில் நின்றவன் கேட்ட கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. டீச்சர் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள் என்று நினைத்தாலும் பரவாயில்லை, பொறுமையாகப் படியுங்கள். இருபத்தெட்டு வருஷமாக நான் பாக்கி வைத்திருந்த ஒரு பதில் இது.

போன மாதம் என் பழைய மாணவன் ஒருவன் லண்டனிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். அவன் பெயரைப் போடவில்லை, அவனுக்குக் கூச்சம். அப்பா ஆம்பூரில் டேனரியில் வேலை பார்த்தவர். இவன் பத்தாவதோடு நின்று ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் சேர்ந்தான். படிப்படியாக மேலே வந்து, இன்றைக்கு வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் வேலையில் இருக்கிறான். கம்பெனி வேலையாகப் போனவன், ஞாயிற்றுக்கிழமை கிரீன்விச்சுக்குப் போயிருக்கிறான். தரையில் பதித்த உலோகக் கோட்டின் இந்தப் பக்கம் ஒரு காலும் அந்தப் பக்கம் ஒரு காலுமாக நிற்கிறான். கீழே எழுதியிருந்தான்:

“டீச்சர், ஜீரோ மேல நிக்கிறேன். ஆனா என் போன்ல ஜீரோ காட்டல. 0.0015 மேற்குன்னு காட்டுது. இதையாவது சொல்லுங்க. அன்னிக்குக் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல.”

சிரிக்கும் முகம் ஒன்றும் போட்டிருந்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏழாம் வகுப்பு. கரும்பலகையில் உருண்டை வரைந்து, குறுக்கே அட்சரேகைகளும் நெடுக்கே தீர்க்கரேகைகளும் போட்டுக்கொண்டிருந்தேன். பின் பெஞ்சிலிருந்து எழுந்தான். “டீச்சர், பூமத்தியரேகை நடுவுல இருக்கு, சரி. இது மட்டும் ஏன் லண்டன்ல இருக்கு? யாரு போட்டாங்க?” என்றான்.

எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லத் தைரியம் வரவில்லை. “நம்மள ஆண்டவன் வெள்ளைக்காரன். அவன் போட்டதுதான் கோடு. உட்காரு” என்றேன். வகுப்பே சிரித்தது. அதற்கப்புறம் அந்த வருஷம் முழுக்க அவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவனுக்கு இது ஞாபகம் இருக்காது என்று நினைத்திருந்தேன். இருந்திருக்கிறது.

அவனுக்குப் பதில் சொல்வதற்காகவே இந்த ஒரு மாதம் படித்தேன். அவன் கேள்வி எவ்வளவு நல்ல கேள்வி என்பது இப்போதுதான் புரிகிறது.

முதலில் அவன் கவனித்தது சரி. பூமத்தியரேகையை யாரும் போடவில்லை. பூமி சுற்றுகிறது; அதனால் அதற்கு இரண்டு துருவங்கள்; இரண்டுக்கும் சரிபாதியில் வருவது பூமத்தியரேகை. நம் சம்மதம் அதற்குத் தேவையில்லை. தீர்க்கரேகை அப்படி இல்லை. துருவத்திலிருந்து துருவத்துக்குப் போகும் கோடுகள் எல்லாமே ஒரே மாதிரி. ஆம்பூர் வழியாகப் போகும் கோட்டுக்கும் லண்டன் வழியாகப் போகும் கோட்டுக்கும் இயற்கையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. எங்கிருந்து எண்ணுவது என்பதை மனிதர்கள்தான் பேசி முடிவு செய்யவேண்டும்.

ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும். பெட்டியில் ஒட்டும் ஸ்டிக்கரில் இங்கிலாந்து சைஸ் 7 என்று இருக்கும். பக்கத்திலேயே ஐரோப்பிய சைஸ் 41 என்று இருக்கும். ஷூ ஒன்றுதான். இங்கிலாந்துக் கணக்கு நாலு அங்குலத்தை ஜீரோ என்று வைத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கு அங்குலத்துக்கு ஒரு சைஸாக ஏறுகிறது. குழந்தை சைஸ் 13 வரை போய் மறுபடி 1-லிருந்து தொடங்குகிறது. ஐரோப்பியக் கணக்கு பிரெஞ்சுக்காரர்களுடையது. அது நிஜமான ஜீரோவிலிருந்தே தொடங்கி, மூன்றில் இரண்டு பங்கு சென்டிமீட்டருக்கு ஒரு சைஸாக ஏறுகிறது. காலின் நீளம் இயற்கை. எங்கே ஜீரோ என்பது ஏற்பாடு. எந்த ஜீரோவும் பொய்யில்லை. ஆனால் ஆர்டரில் எந்தக் கணக்கு என்று எழுதாமல் விட்டால் சரக்கு திரும்பி வரும்.

உலக வரைபடமும் அப்படித்தான் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸை ஜீரோவாக வைத்தார்கள். ஸ்பெயின்காரர்கள் காடிஸ் துறைமுகத்தை வைத்தார்கள். ரஷ்யர்களுக்குப் புல்கோவா, இங்கிலாந்துக்குக் கிரீன்விச்.

நமக்கும் ஒன்று இருந்தது. நம் குடும்பக் குழுவில் இதைப் பற்றி ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது, அதனால் நிறுத்திச் சொல்கிறேன். பழைய சோதிட சித்தாந்த நூல்களில் நடுரேகை என்பது உஜ்ஜயினி வழியாகப் போவது. சூரிய சித்தாந்தம் இலங்கை, உஜ்ஜயினி, ரோஹீதகம், குருக்ஷேத்திரம் ஆகியவற்றை அந்தக் கோட்டில் வைக்கிறது. அந்த இலங்கை இன்றைய இலங்கைத் தீவு அல்ல; பூமத்தியரேகையில் உஜ்ஜயினிக்கு நேர் தெற்கே கணக்குக்காக வைத்துக்கொண்ட ஒரு புள்ளி. மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் ஊர் அந்தக் கோட்டுக்குக் கிழக்கே எவ்வளவு, மேற்கே எவ்வளவு என்று பார்த்துத் திருத்தம் செய்துகொள்வார்கள். அதற்குத் தேசாந்தரம் என்று பெயர். மத்திய பாடத்திட்டத்தின் புதிய ஆறாம் வகுப்புப் புத்தகத்திலும் இந்த உஜ்ஜயினி ரேகை வந்திருக்கிறது. என் தங்கை பேத்தி அதைப் படித்துவிட்டுத்தான், “வெள்ளைக்காரன் நம்ம ஜீரோவைத் திருடிட்டான்” என்ற அந்தச் செய்தியை எனக்கு அனுப்பினாள்.

இருந்தது உண்மை, கண்ணு. திருடியது உண்மையில்லை. அவரவர் வானியல்காரர்கள் அவரவருக்கு ஒரு கோடு வைத்திருந்தார்கள். அத்தனைக்கும் நடுவில் கிரீன்விச் எப்படி ஜெயித்தது என்பதுதான் கதை.

அதற்கு ஒரு சின்னக் கணக்கு தெரியவேண்டும். பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி திரும்புகிறது. அப்படியென்றால் ஒரு டிகிரிக்கு நாலு நிமிடம். ஆம்பூர் 78.72 டிகிரி கிழக்கு, சென்னை நுங்கம்பாக்கம் 80.25 டிகிரி. வித்தியாசம் ஒன்றரை டிகிரி. ஆகவே சென்னையில் சூரியன் உச்சிக்கு வந்து ஆறு நிமிடம் கழித்துத்தான் ஆம்பூரில் உச்சிக்கு வரும். இதைத் திருப்பிப் போட்டால், இரண்டு ஊர்களின் சூரிய நேரத்தில் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தால் தீர்க்கரேகை தெரிந்துவிடும்.

நடுக்கடலில் இருக்கும் மாலுமிக்குத் தன் நேரம் தெரியும், சூரியனைப் பார்த்துச் சொல்லிவிடுவான். ஊரில் இப்போது மணி என்ன என்பதுதான் தெரியாது. அந்தக் காலத்துக் கடிகாரங்கள் கப்பல் ஆட்டத்தில் ஒழுங்காக ஓடாது. அதற்கு ஒரு வழி செய்தார் கிரீன்விச் வானாய்வு நிலையத்தின் தலைவர் மாஸ்கலைன். நிலா நட்சத்திரங்களுக்கு நடுவே மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது அல்லவா? அதையே ஒரு கடிகார முள்ளாக வைத்துக்கொண்டார். எந்த நாளில், கிரீன்விச் மணி எத்தனைக்கு, நிலா எந்த நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று மூன்று மணி நேரத்துக்கு ஒன்றாக முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சடித்தார்கள். 1767-ஆம் ஆண்டுக்கான புத்தகம்தான் முதல் புத்தகம். மாலுமி அந்தக் கோணத்தை அளந்து, புத்தகத்தைப் பிரித்தால் கிரீன்விச் மணி கிடைக்கும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்தப் புத்தகத்தை வாங்கியவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், அவனுக்கு வரும் விடை கிரீன்விச்சிலிருந்துதான் வரும். அதற்குத் தோதாகக் கடல் வரைபடமும் கிரீன்விச்சிலிருந்து எண்ணியதாக இருக்கவேண்டும். அப்படி ஒரு நூறு வருஷம் போயிற்று. யாரும் சட்டம் போடவில்லை. புத்தகம் பரவிய இடமெல்லாம் அந்த ஜீரோவும் பரவிவிட்டது.

ரயிலும் தந்தியும் வந்தபிறகு ஆளுக்கொரு ஜீரோ தாங்கவில்லை. 1884 அக்டோபரில் அமெரிக்கா அழைத்து, 25 நாடுகளின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் கூடினார்கள். கிரீன்விச்சை வைக்கலாம் என்று முன்மொழிந்தவர் ஆங்கிலேயர் அல்ல, ரூதர்ஃபர்டு என்ற அமெரிக்கர். எதிர்த்து நின்றவர் பிரான்சின் வானியலாளர் ஜான்சன்.

இந்த ஜான்சனுக்கும் நம் பக்கத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க அவர் அன்றைய சென்னை மாகாணத்தில் இருந்த குண்டூருக்கு வந்தார். சூரியனின் விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைக் கிரகணம் இல்லாத நாளிலும் பார்க்க முடியும் என்று அங்கேதான் கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட மனிதரைப் பொறாமைக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் சொன்னதைக் கேளுங்கள்.

பொதுவான கோடு என்றால் அது யாருக்கும் சொந்தமாக இருக்கக்கூடாது என்றார். நாங்கள் மீட்டரை உண்டாக்கியபோது எங்கள் அரசனின் கை நீளத்தை எடுக்கவில்லை. பூமியை அளந்து, அதிலிருந்து எடுத்தோம். அதுபோல இந்தக் கோடும் எந்தப் பெரிய கண்டத்தையும் வெட்டாமல் கடலில் போகட்டும். அசோர்ஸ் தீவுகள் பக்கம் வைக்கலாம், அல்லது ஆசியாவையும் அமெரிக்காவையும் பிரிக்கும் பேரிங் நீரிணையில் வைக்கலாம். அப்படி வைத்தால் பாரிஸை விட்டுக்கொடுக்க நாங்களும் தயார் என்றார்.

மறுபக்கம் சொன்னதும் லேசான வாதம் அல்ல. கடலில் கோடு போட்டால் அங்கே யார் உட்கார்ந்து நட்சத்திரம் பார்ப்பது? ஒரு நல்ல வானாய்வு நிலையத்தோடு கட்டியிருந்தால்தான் அந்தக் கோட்டுக்கு இடம் நிலைக்கும். பேரிங் நீரிணையில் வைத்தாலும், அது பாரிஸிலிருந்தோ கிரீன்விச்சிலிருந்தோ இத்தனை டிகிரி என்று கணக்குப் போட்டுத்தான் வைக்கவேண்டும். அப்போது ஜீரோவுக்குப் பின்னால் இன்னொரு ஜீரோ ஒளிந்திருக்கும். மீட்டரும் முழுப் பொதுவானது இல்லை, அதை அளந்ததும் பிரான்சுதானே என்று அமெரிக்கப் பிரதிநிதி ஒருவர் கேட்டார்.

கடைசியில் எண்கள் பேசின. கனடாவின் ஃபிளெமிங் ஒரு பட்டியலை வைத்தார். உலகக் கப்பல்களின் மொத்த எடைத்திறனில் 72 சதவீதம் கிரீன்விச்சிலிருந்து எண்ணுகிறது. அடுத்த இடத்தில் இருந்த பாரிஸுக்கு 8 சதவீதம். எந்த ஜீரோவை வைத்தாலும் யாராவது வரைபடங்களை மாற்றி அச்சடிக்கவேண்டும். மாலுமிகள் பழக்கத்தை மாற்றவேண்டும். மிகக் குறைவான பேருக்குத் தொந்தரவு தருவது எது என்று பார்த்தால் அது கிரீன்விச். ஜான்சனின் நடுநிலைக் கோட்டுக்கு மூன்றே வாக்குகள் விழுந்தன. அக்டோபர் 13 அன்று கிரீன்விச்சுக்கு 22 நாடுகள் வாக்களித்தன. சான் டொமிங்கோ மட்டும் எதிர்த்தது. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை.

அது வெறும் பரிந்துரைதான், கட்டாயமில்லை. பிரான்ஸ் 1911 வரை பாரிஸ் நேரத்தையே வைத்திருந்தது. மாற்றியபோதும் சட்டத்தில் கிரீன்விச் என்ற பெயரை எழுதவில்லை. பாரிஸ் நேரத்தில் ஒன்பது நிமிடம் இருபத்தொரு வினாடி குறைத்துக்கொள்ளவேண்டும் என்று எழுதினார்கள். குறைத்தால் வருவது கிரீன்விச் நேரம்தான்!

வாஷிங்டனில் இந்தியாவுக்காக யார் இருந்தார் என்று தேடினேன். பிரிட்டிஷ் குழுவில் ஸ்டிரேச்சி என்ற ராணுவ ஜெனரல் இருந்தார், லண்டனில் இருந்த இந்தியா கவுன்சிலின் உறுப்பினர். இந்தியர் ஒருவரும் இல்லை. ஆக, அன்றைக்கு வகுப்பில் நான் சொன்னதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. நம் கரையிலிருந்து தோலும் துணியும் ஏற்றிப்போன பிரிட்டிஷ் கப்பல்களும் அந்த 72 சதவீதத்தில் சேர்த்தி. ஆனால் “ஆண்டான், போட்டான்” என்று முடிக்கிற அளவுக்கு அது எளிது இல்லை. நம்மை ஆளாத அமெரிக்கா முன்மொழிந்து, யாரும் ஆளாத நாடுகளும் வாக்களித்தன.

நம் ஊரிலேயே இதே சண்டை ஒன்று நடந்திருக்கிறது. இதைச் சொல்லும்போதுதான் எனக்கு ஆர்வம் தாங்கவில்லை.

1792-இல் நுங்கம்பாக்கத்தில் கம்பெனிக்காரர்கள் ஒரு வானாய்வு நிலையம் கட்டினார்கள். கருவியைத் தாங்கிய கருங்கல் தூண் இன்றும் அங்கே வானிலை அலுவலக வளாகத்தில் நிற்கிறது. தமிழிலும் எழுத்து செதுக்கியிருக்கிறார்கள். இந்தியாவை அளந்து வரைபடம் போட்டபோது, தீர்க்கரேகைக்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். வரைபடத்தில் கிரீன்விச்சிலிருந்து இத்தனை டிகிரி என்று எழுதியிருப்பார்கள். ஆனால் லண்டனுக்கும் சென்னைக்கும் நடுவே யாரும் சங்கிலி பிடித்து அளக்க முடியாது. வியாழன் கிரகத்தின் நிலாக்கள் மறைவது போன்ற நிகழ்ச்சிகளை இங்கே பார்த்து, அது கிரீன்விச் மணி எத்தனைக்கு நடந்தது என்பதோடு ஒப்பிட்டு, சென்னையின் எண்ணை முடிவு செய்தார்கள். மற்ற ஊர்களின் எண்ணெல்லாம் சென்னையிலிருந்து கூட்டியும் கழித்தும் வந்தவை.

பிற்பாடு கடலடித் தந்திக் கம்பி வந்தது. கிரீன்விச் மணியை நேராகவே கேட்டுச் சரிபார்க்க முடிந்தது. பார்த்தால் சென்னையின் பழைய எண்ணில் சுமார் பத்து வினாடி பிசகு. பத்து வினாடி என்பது தரையில் நாலரை கிலோமீட்டர். சென்னை பிசகினால் வேலூரும் ஆம்பூரும் வரைபடத்தில் இருந்த மற்ற ஊர்களும் கூடவே பிசகும். எல்லாவற்றையும் மறுபடி அச்சடிக்க முடியுமா? தீர்க்கரேகையில் இவ்வளவு குறைத்துக்கொள்ளவும் என்று வரைபடத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பு போட்டு வெகுகாலம் ஓட்டினார்கள். வாஷிங்டனில் பழைய வரைபடங்களை மாற்றப் பயந்தார்கள் என்று சொன்னேனே, அந்தப் பயம் எவ்வளவு நியாயமானது என்று இதில் தெரிகிறது.

அடுத்தது ரயில். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து நம் வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடியது. தண்டவாளம் நீள நீள ஊருக்கு ஒரு மணி என்பது சரிப்படவில்லை. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம். எந்த ஊர் மணியை வைத்தாலும் மற்ற ஊருக்கு வருத்தம். அதனால் 1870 வாக்கில் இந்திய ரயில்களுக்கெல்லாம் சென்னை மணியை வைத்தார்கள். சென்னை கிட்டத்தட்ட இரண்டுக்கும் நடுவில் இருந்தது, பம்பாய்க்கு அரை மணி முன்னால், கல்கத்தாவுக்கு அரை மணி பின்னால். நேரத்தைத் தந்தியில் அனுப்ப வானாய்வு நிலையமும் இருந்தது. ஜான்சன் கேட்ட நடுநிலையும், மறுபக்கம் கேட்ட வானாய்வு நிலையமும் இங்கே ஒரே இடத்தில் அமைந்துவிட்டன.

அப்படியும் பம்பாய்க்காரர்கள் ஒப்பவில்லை. 1881-இல் அங்கிருந்த கவர்னர் ஊர் முழுக்கச் சென்னை மணிதான் என்று உத்தரவு போட்டார். ஜனங்கள் எதிர்த்தார்கள், இரண்டு வருஷத்தில் உத்தரவு திரும்பப் போயிற்று. பிறகு 82.5 டிகிரியை வைத்து, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்தது. அதையும் கல்கத்தா 1948 வரைக்கும் பம்பாய் 1955 வரைக்கும் முழுதாக ஏற்கவில்லை.

படித்தது போதாது என்று கையாலும் செய்து பார்த்தேன். டிசம்பர் 25, எதிர்வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் நானும் ஆம்பூரில் எங்கள் மொட்டை மாடியில். நாளைக் காரணத்தோடுதான் எடுத்தேன். சூரியன் ஒழுங்கான கடிகாரம் இல்லை. வருஷத்தில் சில நாட்கள் கால் மணி வரை முந்தும் பிந்தும். ஏப்ரல் 15, ஜூன் 13, செப்டம்பர் 1, டிசம்பர் 25 ஆகிய நாட்களை ஒட்டித்தான் கடிகாரத்தோடு ஒத்துப்போகும்.

ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டோம். அதற்குச் சங்கு என்று பெயர். நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சங்கு என்றால் ஷிஃப்டுக்கு ஊதுவதுதான் தெரியும், சிரித்தார்கள். குச்சியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டோம். காலையில் நிழல் நீளமாக வட்டத்துக்கு வெளியே இருக்கும், குறுகிக் குறுகி உள்ளே வரும். நிழலின் நுனி வட்டத்தைத் தொட்டது 10 மணி 31 நிமிடம். மத்தியானம் நீண்டு மறுபடி தொட்டது 2 மணி 1 நிமிடம். இரண்டுக்கும் சரிபாதி 12 மணி 16 நிமிடம். அதுதான் எங்கள் உச்சிப்பொழுது. 82.5 டிகிரியில் 12 மணிக்கு உச்சி என்றால், நாங்கள் 16 நிமிடம் பின்னால். நாலால் வகுத்தால் 4 டிகிரி. 82.5-இல் 4 போனால் 78.5.

சரியான விடை 78.72. எங்கள் கணக்குப்படி எங்கள் வீடு ஜோலார்பேட்டையையும் தாண்டிப் போய்விட்டது! ஒரு நிமிடம் தப்பினால் தரையில் 27 கிலோமீட்டர் தப்பும். நிழலின் நுனி கூர்மையாக இருக்காது, மங்கித்தான் முடியும். அதைப் பார்ப்பதில் எங்களுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம் பிசகியிருக்கிறது. பத்து வினாடி மட்டுமே தப்பிய அந்த நுங்கம்பாக்கத்துக்காரர்கள் மேல் அன்றைக்குத்தான் மரியாதை வந்தது.

ஆனால் கவனித்தீர்களா? இந்த 78.5 என்ற எண்ணில் கிரீன்விச் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. என் குச்சி சொன்னது “நம் போன் மணிக்கு 16 நிமிடம் பின்னால்” என்பது மட்டும்தான். போன் மணி கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டதால்தான் அது தீர்க்கரேகையாக மாறியது. வெறும் குச்சியையும் வெயிலையும் வைத்து எந்த ஊரிலும் ஜீரோவைக் கண்டுபிடிக்க முடியாது.

இப்போது தம்பி, உன் போனுக்கு வருகிறேன். நீ நின்ற கோடு 1851 முதல் அங்கே வேலை செய்த ஏரி என்பவரின் தொலைநோக்கி நின்ற இடம். 1884-இல் தேர்ந்தெடுத்தது அதைத்தான். அந்தத் தொலைநோக்கியைச் செங்குத்தாக நிறுத்தப் பாதரசத் தட்டில் மட்டம் பார்த்தார்கள். மட்டம் என்பது அந்த இடத்துப் புவியீர்ப்பு சொல்வது. கொத்தனாரின் தூக்குக்குண்டு எங்கேயும் பூமியின் நடுவை நோக்கியே அச்சாகத் தொங்காது. பக்கத்தில் மலை இருந்தால், பூமிக்கடியில் பாறை கனமாக இருந்தால், கடுகளவு சாயும். உன் போன் செயற்கைக்கோள்களைக் கேட்கிறது. அவை பூமியின் நிறை மையத்தைச் சுற்றுகின்றன. அந்த மையத்தை வைத்துத்தான் கணக்கு. இரண்டு வழிக்கும் உள்ள அந்தச் சின்னச் சாய்வு, தரைக்கு வரும்போது 102 மீட்டர் ஆகிறது. உன் போன் காட்டிய 0.0015 டிகிரி அந்த 102 மீட்டர்தான். அங்கிருந்து கிழக்கே பூங்காவுக்குள் ஒரு நூறு மீட்டர் நடந்திருந்தால் போனில் ஜீரோ வந்திருக்கும். அங்கே உலோகக் கோடு எதுவும் இருக்காது.

இதையெல்லாம் எழுதி அவனுக்கு முதலில் அனுப்பினேன். கூடவே, “அன்னிக்கு எனக்குத் தெரியாதுப்பா. தெரியாதுன்னு சொல்லியிருக்கணும். உன்னை உட்கார வெச்சது தப்பு” என்றும் எழுதினேன்.

ரொம்ப நேரம் பதில் இல்லை. ராத்திரி குரல் பதிவு ஒன்று வந்தது. “அதெல்லாம் விடுங்க டீச்சர். அந்த மறுநாளே நீங்க என் நோட்டுல படம் நல்லா இருக்குன்னு எழுதினீங்க, அதுதான் எனக்கு ஞாபகம். ஒண்ணு மட்டும் கேக்கறேன். ஜீரோ ஒத்துக்கிட்டாங்க சரி, கிழக்கே 180, மேற்கே 180ன்னு ரெண்டு பக்கமும் ஏன் எண்ணறாங்க? ஒரே பக்கமா 360 வரைக்கும் எண்ணியிருந்தா கணக்கு சுலபமாச்சே?”

வாஷிங்டனிலும் அதையே கேட்டார்கள், தம்பி. இரண்டு பக்கமும் எண்ணலாம் என்பதற்கு 14 நாடுகள்தான் கைதூக்கின. 5 எதிர்த்தன, 6 வாக்களிக்கவில்லை. ஜீரோவுக்குக் கிடைத்த ஒற்றுமை அதற்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று படித்துக்கொண்டிருக்கிறேன். இந்த முறை உன்னை உட்காரச் சொல்லமாட்டேன்.

வரும் செப்டம்பர் 1 அன்று அவரவர் ஊரில் ஒரு குச்சி நட்டு, உச்சிப்பொழுது உங்கள் போனில் எத்தனை மணிக்கு வந்தது என்று கீழே எழுதுங்கள். ஊர்ப் பெயரும் போடுங்கள். துபாய், சிங்கப்பூரில் இருப்பவர்கள் உங்கள் ஊர் மணி கிரீன்விச்சுக்கு எத்தனை மணி முன்னால் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். யார் வீடு எத்தனை கிலோமீட்டர் தள்ளிப் போகிறது என்று நான் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்